அச்சைப் படிக்கும் எழுத்துணரி கையெழுத்தில் தடுமாறுவது ஏன்? அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சென்ற ஆண்டு மாம்பலத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பொருள்களை என்னிடம் கொண்டுவந்தார். ஒன்று, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அவர் வாங்கிய, 1950களில் அச்சான ஒரு சமையல் நூல். மற்றொன்று, அவருடைய தந்தையார் மளிகைக் கடை நடத்திய காலத்துப் பேரேடு. இரண்டையும் படம் எடுத்துக் கணினியில் தேடத்தக்க எழுத்தாக மாற்றித் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். நூல் ஒரு வாரத்தில் முடிந்தது. பேரேட்டின் முதல் பக்கத்தை எழுத்துணரியில் இட்டபோது வந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எங்கப்பா எழுதினதே இல்லையே” என்றார். அந்த இரண்டு வேலைகளிலும் எதிர்ப்பட்ட பிழைகளை அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்திய எழுத்துணரி, டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள். 1985இல் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் மூலநிரலோடு வெளியிடப்பட்ட அது, 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து மாதிரிகளைப் பார்த்துப் பழகும் நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு வரிவரியாகப் படிக்கிறது.

எழுத்துணரி என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் வருபவை எளிதாகும். படத்தில் கணினிக்குத் தெரிவது கருமையும் வெண்மையுமான புள்ளிகள் மட்டுமே. எழுத்துணரி முதலில் மையையும் தாளையும் பிரிக்கிறது. பிறகு பக்கத்தில் வரிகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாக நகர்ந்து பார்த்து, இந்த வடிவம் இன்ன எழுத்தாக இருக்கக்கூடும் என்று கணிக்கிறது. கடைசியாக, தமிழில் எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வரும் என்று தான் பழகியதைக் கொண்டு அந்தக் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. பிழை வந்தால் இந்த நான்கில் எந்தப் படியில் வந்தது என்று பார்ப்பதே நோயறியும் முறை.

அறிகுறி: தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வருகின்றன

இது பிழை என்று சொல்லத் தகுதியற்றது. மொழியைக் குறிப்பிடாவிட்டால் டெசராக்ட் பக்கத்தை ஆங்கிலமென்றே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் தமிழ்த் தரவை நிறுவி, பட்டியலில் `tam` இருக்கிறதா என்று பார்த்து, மொழியைச் சொல்லி இயக்கினால் போதும்.

```
sudo apt install tesseract-ocr-tam
tesseract --list-langs
tesseract pakkam.png pakkam -l tam
```

அறிகுறி: சொற்கள் சரியாக இருக்கின்றன, வாக்கியங்கள் கலந்துவிட்டன

இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பத்தியின் முதல் வரியை அடுத்து வலப்பத்தியின் முதல் வரி வந்தால், எழுத்தறிதலில் குறையில்லை; பக்கத்தைப் பிரித்ததில்தான் குறை. பெரும்பாலும் `--psm 6` என்ற அமைப்பை யாரோ சொல்லக் கேட்டுப் போட்டிருப்போம். அது பக்கம் முழுவதையும் ஒரே பாளமாகக் கொள்ளும். அதை எடுத்துவிட்டால் இயல்பான அமைப்பாகிய 3 பத்திகளைத் தானே தேடும். அதுவும் தவறினால் பத்திகளைத் தனித்தனிப் படமாக வெட்டித் தருவதே விரைவான வழி.

அறிகுறி: புள்ளிகள் காணாமல் போகின்றன, ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ வருகிறது

‘பக்கம்’ என்பது ‘பககம’ என்று வருவதும், ‘கால்’ என்பது ‘கரல்’ என்று வருவதும் தமிழில் நாள்தோறும் காணும் பிழைகள். அச்சிட்ட பக்கத்தில் இவை வந்தால் முதலில் படத்தின் நுணுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். கணக்கு எளியது. 10 புள்ளி அளவுள்ள அச்செழுத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற நுணுக்கத்தில் வருடினால் அந்த எழுத்துக்கு ஏறத்தாழ 42 படப்புள்ளி உயரம் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் மெய்ப்புள்ளிக்கு நான்கு படப்புள்ளி அகலம் கிடைக்கும். அதே பக்கத்தை 100 என்ற நுணுக்கத்தில் வருடினால் மெய்ப்புள்ளி ஒன்றரைப் படப்புள்ளியாகச் சுருங்கிவிடும். மையையும் தாளையும் பிரிக்கும் முதற்படியிலேயே அது தூசியென்று துடைக்கப்பட்டுவிடும். ‘ர’வின் அடியிலுள்ள சாய்ந்த வாலுக்கும் இதே கதிதான். வால் போய்விட்டால் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றே.

சென்னையில் இதற்கு வழக்கமான காரணம் வாட்ஸ்அப். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நல்ல நுணுக்கத்தில் வருடித் தந்ததைக்கூட, ‘படம்’ என்று அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். ‘ஆவணம்’ என்று அனுப்பினால் உள்ளது உள்ளபடி வந்து சேரும். பெரியவரின் நூலில் முதல் 12 பக்கங்களில் புள்ளிகள் உதிர்ந்து வந்ததற்கு இதுவே காரணம். அவற்றை 300இல் மறுபடி வருடியதும் சரியாயின. சிறிய படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பயனில்லை என்று சொல்லமாட்டேன், ஓரளவு உதவும். ஆனால் வருடும்போதே தொலைந்த புள்ளியை எந்தப் பெருக்கமும் திருப்பித் தராது.

அறிகுறி: குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டும், நூல் முழுவதும், ஒரே மாதிரி தவறுகின்றன

படம் தெளிவாக இருந்தும் ‘வேளை’, ‘யானை’, ‘இலை’ போன்ற சொற்கள் மட்டும் தவறி வந்தால் நூல் அச்சான ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிடும் வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போல் வளைந்த கொம்போடு அச்சிடப்பட்டன. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் தனி உருவில் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். எழுத்துணரியின் தமிழ்ப் பயிற்சி பெரும்பாலும் இக்காலக் கணினி எழுத்துருக்களால் ஆனது. ஆகவே அந்தப் பதின்மூன்றும் அதற்கு அறிமுகமில்லாதவை. ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் தயங்காமல் படிக்கும் எழுத்தை அது திகைத்துப் பார்க்கிறது.

ஆனால் இந்தப் பிழையில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. அச்சில் ஒரு நூலின் எல்லா ‘னை’களும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை, உருவம் மாறாததால், எழுத்துணரி அவற்றைத் தவறாகப் படித்தாலும் ஏறக்குறைய ஒரே தவறாகத்தான் படிக்கும். முதல் இருபது பக்கங்களைக் கையால் திருத்தி, எது எதுவாக வருகிறது என்று ஓர் அட்டவணை எழுதிக்கொண்டால், எஞ்சிய பக்கங்களில் பெரும்பகுதியைத் தேடி மாற்றும் கட்டளையே திருத்திவிடும். பொறுமை உள்ளவர்கள் அந்த வரிகளைக் கொண்டு எழுத்துணரிக்கே மேற்பயிற்சி தரலாம். எப்படியாயினும், அச்சில் வரும் பிழையிலும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஆகவே, எந்தப் பக்கத்திலும் நான் முதலில் செய்யும் சோதனை இதுதான். ஒரே எழுத்து வரும் ஐந்து இடங்களைத் தேர்ந்துகொண்டு, அவை எப்படிப் படிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பேன். ஐந்தும் ஒரே மாதிரி தவறியிருந்தால், எழுத்துணரிக்கு அந்த வடிவம் தெரியாது; கற்றுத் தரலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம். ஐந்தும் ஐந்து விதமாக இருந்து, படமும் மங்கலாக இருந்தால் மறுபடி வருட வேண்டும். படம் தெளிவாக இருந்தும் ஐந்து விதமாக வந்தால், தாளில் எழுதப்பட்டதே ஐந்து விதமாக இருக்கிறது. அது கையெழுத்து.

அறிகுறி: கையெழுத்துப் பக்கத்தில் பல வரிகள் வரவே இல்லை

பேரேட்டில் நான் கண்ட முதல் அறிகுறி இது. பக்கத்தில் 24 வரிகள் இருக்க, வெளியீட்டில் 15 மட்டுமே வந்தன. எழுத்துகளைப் படிக்கத் தொடங்கும் முன்பே, வரியைத் தேடும் படியில் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். அச்சில் வரிகளுக்கிடையே வெள்ளைப் பட்டை நேராக ஓடும். கையெழுத்தில் வரி வலப்பக்கம் போகப் போக மேலே ஏறும். ‘கு’, ‘து’ ஆகியவற்றின் சுழிகள் கீழ்வரியின் ‘கி’, ‘வீ’ ஆகியவற்றின் கொக்கிகளைத் தொடும். இரண்டு வரிகள் ஒரே மைத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பேரேட்டில் சிவப்புக் கோடுகள் வேறு.

கோடுகளை நீக்க எளிய வழி உண்டு. வண்ணப் படத்தின் சிவப்புத் தளத்தை மட்டும் பிரித்தெடுத்தால், அதில் சிவப்புக் கோடு தாளைப் போலவே வெளுத்துத் தெரியும்; நீல மையும் கறுப்பு மையும் கருமையாகவே நிற்கும். நீலக் கோடு போட்ட நோட்டுக்கு நீலத் தளத்தை எடுக்க வேண்டும். ஆனால் எழுதிய மையும் நீலமாக இருந்தால் எழுத்தும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதால் அப்போது இந்த வழி உதவாது. இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் மென்பொருளின் ஏழாம் பதிப்பை நிறுவியிருந்தால் ஒரே கட்டளை போதும். பின்னர் வரிகளைக் கையால் ஒவ்வொன்றாக வெட்டி, இது ஒற்றை வரி என்று சொல்லி இயக்க வேண்டும்.

```
magick pereedu.jpg -channel R -separate sivappu.png
tesseract vari07.png vari07 -l tam --psm 7 tsv
```

இரண்டாம் கட்டளையின் இறுதியிலுள்ள `tsv` ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே `conf` என்ற தலைப்பின்கீழ், எழுத்துணரி தன் கணிப்பை எவ்வளவு நம்புகிறது என்று 100க்கு எத்தனை என எழுதித் தரும். இதைச் செய்ததும் 24 வரிகளும் கிடைத்தன. ஆனால் வந்தவை வரிகள் மட்டுமே. படித்தது இன்னும் சரியில்லை.

அறிகுறி: வெளியீடு தமிழாகவே இருக்கிறது, ஆனால் எழுதியது அதுவல்ல

ஏழாம் வரியை எடுத்துக்கொள்வோம். பெரியவரின் தந்தையார் எழுதியது ‘பால் கணக்கு தீர்த்தது’. எழுத்துணரி தந்தது ‘பரல் கணக்கு திர்த்தது’. கணினி துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனிக் குறியாகவே எண்ணும். இடைவெளிகளையும் சேர்த்தால் இந்த வரியில் 21 குறிகள். அவற்றுள் தவறியவை இரண்டு: ‘ா’ ‘ர’வாயிற்று, ‘ீ’ ‘ி’யாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரி என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூன்று சொற்களில் இரண்டு தவறு. பாலைத் தேடுகிறவருக்கு இந்த வரி அகப்படவே அகப்படாது.

இந்த இரண்டு பிழைகளும் ஒரே தரத்தவை அல்ல. ‘திர்த்தது’ என்றொரு சொல் இல்லை. சொற்பிழை திருத்தி அதைப் பிடித்துவிடும். ‘பரல்’ தமிழ்ச் சொல். சிலம்பினுள் இடும் மணி. எந்தத் திருத்தியும் அதன்மேல் கை வைக்காது. வடிவம் தெளிவில்லாதபோது எழுத்துணரி மொழிப் பழக்கத்தைத் துணைக்கு அழைப்பதால், கையெழுத்தில் அது தவறும்போது உளறலாக வராமல் படிக்கத்தக்க பொய்யாக வருவதுண்டு. `conf` எண் குறைவாக உள்ள சொற்களை முதலில் பாருங்கள் என்று சொல்வார்கள், பாருங்கள். ஆனால் எண் உயர்வாக இருக்கும் சொல் சரியென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்தில் மூலத்தோடு ஒப்பிடாமல் எதையும் விடுவதற்கில்லை.

‘பா’ ஏன் ‘பர’ ஆயிற்று? அந்தக் கையில் ‘ர’வுக்கு வால் கிடையாது. அதே பக்கத்தில் ‘வரவு’ என்ற சொல்லின் ‘ர’வும் ‘பால்’ என்பதன் துணைக்காலும் ஒரே இறக்கமான கோடு. நாம் படிக்கிறோமே என்றால், ‘பரல்’ மளிகைக் கணக்கில் வராது என்று நமக்குத் தெரியும். பால் வாங்கிய வீடு என்பதும் தெரியும். கோட்டைப் பார்த்து நாம் அதைத் தீர்மானிக்கவில்லை. மெய்ப்புள்ளியும் அவர் கையில் சில இடங்களில் இல்லை, சில இடங்களில் அடுத்த எழுத்தின் தலைக்குமேல் விழுந்திருக்கிறது. ‘தீ’யின் சுழி அவசரத்தில் கொக்கியாகவே நின்றுவிட்டது. ஒரே பக்கத்தில் நான் பார்த்த ‘கு’க்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அச்சில் கைகொடுத்த, எது எதுவாக வருகிறது என்ற அந்த அட்டவணையை இங்கே எழுதத் தொடங்கினால், அட்டவணை பேரேட்டைவிட நீளமாகும்.

எழுத்துகளைப் பிரிப்பதே ஒரு சிக்கல். கென்னத் சேயர் என்ற ஆய்வாளர் 1973இல் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: சேர்த்தெழுதிய சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்காமல் அறிய முடியாது, அறியாமல் பிரிக்கவும் முடியாது. அச்சில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை, ஏனெனில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அச்சுக்கோப்பவர் விட்ட இடைவெளி இருக்கிறது. இன்றைய வலைப்பின்னல்கள் வெட்டிவிட்டுப் பிறகு படிப்பதில்லை. வரி முழுவதையும் பார்த்துக்கொண்டே பிரிப்பதையும் படிப்பதையும் ஒன்றாகச் செய்கின்றன. அதனால் சிக்கல் தணிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கையின் எழுத்துகளை முன்பு பார்த்திருந்தால்தான் அது கைகொடுக்கும்.

அறிகுறி: எண்களும் குறிகளும் எழுத்தாக வருகின்றன

பழைய கணக்கேடுகளுக்கே உரிய தொல்லை இது. தமிழ் எண்ணாகிய ௧ உருவத்தில் ‘க’வேதான், ௭ ‘எ’, ௮ ‘அ’. ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶ என்று தனிக் குறிகளும் உண்டு. 1957இல் பதின்மக் காசு வரும் முன்பு எழுதிய ஏடானால் தொகைகள் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் நிற்கும். சொல்லில் மொழிப் பழக்கமாவது துணை நிற்கும். தொகையில் அதுவும் இல்லை. ஏழு என்ற எண்ணை ஒன்று என்று படித்தால் அது தவறு என்று சொல்ல அருகில் எந்த எழுத்தும் சாட்சிக்கு வராது. ஒரே சோதனை, பத்தியைக் கூட்டிப் பார்த்து அடியிலுள்ள கூட்டுத்தொகையோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. கணக்குப்பிள்ளைகள் கூட்டிப் போட்ட அந்த ஒற்றை எண் எனக்கு எழுத்துணரியைவிட அதிகம் உதவியது.

ஐயம்: கைபேசியில் விரலால் எழுதினால் புரிந்துகொள்கிறதே?

பெரியவர் கேட்டதும் இதுவே. கைபேசிக்குக் கிடைப்பது படம் அன்று. விரல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் வளைந்தது, எங்கே தூக்கியது என்ற வழித்தடம் முழுவதும் நேர வரிசையில் அதற்குத் தெரியும். ‘ர’வை எழுதும் விரலின் கடைசி அசைவும் துணைக்காலை எழுதும் விரலின் கடைசி அசைவும் வேறு வேறு; காய்ந்த மையில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. மேலும், தவறினால் நீங்கள் உடனே அழித்துத் திருத்தமாக எழுதுகிறீர்கள். பேரேட்டை எழுதியவரிடம் அப்படிக் கேட்க வழியில்லை. அமெரிக்கக் கடித உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் எண்களை யான் லெகுன் குழுவினர் 1989லேயே கணினியால் படிக்கச் செய்தார்கள் என்பதும் உண்மை. அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியவை பத்து எண்கள் மட்டுமே. விண்ணப்பப் படிவங்களில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதச் சொல்வதும் இதனால்தான். பிரிக்கும் வேலையை எழுதுகிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் கையெழுத்தில் தேறவில்லை

எஞ்சியிருப்பது, அந்த ஒரு கையை மட்டும் எழுத்துணரிக்குப் பழக்குவது. இதற்கென்றே டிரான்ஸ்கிரிபஸ், கிராக்கன் போன்ற கருவிகள் உள்ளன. வரிப்படத்தையும் அதற்குச் சரியான எழுத்தையும் இணையிணையாகக் கொடுக்க வேண்டும். ஒரு கைக்கு 5,000 முதல் 15,000 சொற்கள் வரை தட்டச்சு செய்து தர வேண்டும் என்பது டிரான்ஸ்கிரிபஸ் சொல்லும் பொது அளவு. அதற்குப் பிறகும் வேறொருவர் எழுதிய பக்கம் நடுவில் வந்தால் பழையபடி தடுமாறும்.

பெரியவரின் பேரேட்டில் 60 பக்கங்கள். பக்கத்துக்கு எண்பது சொற்கள் வீதம் மொத்தம் 4,800. பயிற்சிக்குக் குறைந்தது வேண்டிய சொற்களைத் தட்டச்சு செய்வதற்குள் பேரேடே முடிந்துவிடும். கற்றுக்கொண்ட எழுத்துணரிக்குப் படிக்க ஒரு பக்கமும் மிஞ்சாது. அதே கையில் எழுதிய இருபது பேரேடுகள் பரணில் இருந்திருந்தால் நான் பயிற்சியைத்தான் தொடங்கியிருப்பேன். இருந்தது ஒன்று. ஆகவே வெட்டிய வரிப்படங்களைத் திரையில் பெரிதாக வைத்து, பெரியவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். பதினோராம் பக்கத்தில் அவராலும் படிக்க முடியாத ஒரு சொல் இருந்தது; அந்த இடத்தில் கேள்விக்குறி இட்டு, வரிப்படத்தைப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.